தோற்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் சோதனைத் தாள் வீட்டுக்கு வரும் நாளில் பெரும்பாலும் இரண்டு பேச்சுகளில் ஒன்றுதான் காதில் விழும். ஒன்று, “தமிழ்ப்பள்ளியில நல்லா செஞ்ச பிள்ளையாச்சே, மூளை எங்க போச்சு?” இன்னொன்று, “பரவாயில்லப்பா, நீ முயற்சி பண்ணியே, அது போதும்.” முதல் பேச்சு பிள்ளையை நோகடிக்கும் என்று இப்போது பல பெற்றோருக்குத் தெரியும். “திறமையைப் புகழாதே, முயற்சியைப் புகழ்” என்பது ஆசிரியர் பட்டறைகளிலும் வாட்சாப் குழுக்களிலும் நிறையவே சொல்லப்பட்டுவிட்டது. அதனால் முதலாவதை விட்டு இரண்டாவதுக்கு மாறினால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் தோற்ற பிள்ளையிடம் இரண்டாவது பேச்சும் பல நேரம் கெடுதலே செய்கிறது. ஏன் என்று புரிய, முயற்சியைப் புகழச் சொன்ன அந்த ஆய்வு உண்மையில் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவப் புதிர்கள் கொடுத்தார்கள். வரிசையாக உள்ள வடிவங்களைப் பார்த்து, விடுபட்ட இடத்தில் எது வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் சுற்று மிதமானது. முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளிடமும், “ரொம்ப நன்றாகச் செய்தாய்” என்றார்கள். அதன் பிறகு ஒரு பிரிவுப் பிள்ளைகளிடம், நீ இதில் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னார்கள். இன்னொரு பிரிவிடம், நீ நன்றாக உழைத்திருக்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் பிரிவுக்குக் கூடுதலாக எதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் சுற்று வேண்டுமென்றே கடினமாக வைக்கப்பட்டது. எல்லோரும் திணறினார்கள். “முன்னைவிட மிகவும் மோசமாகச் செய்திருக்கிறாய்” என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லப்பட்டது. மூன்றாம் சுற்று மறுபடி முதல் சுற்றின் அளவுக்கு இருந்தது. கெட்டிக்காரன் என்று கேட்ட பிள்ளைகள் அந்த மூன்றாம் சுற்றில் முதல் சுற்றைவிடக் குறைவாக எடுத்தார்கள். உழைத்தாய் என்று கேட்டவர்கள் முதல் சுற்றைவிடக் கூடுதலாக எடுத்தார்கள். பிறகு, வேறொரு பள்ளியின் முகம் தெரியாத மாணவனுக்கு உன் மதிப்பெண்ணை எழுதி அனுப்பு என்றபோது, கெட்டிக்காரன் என்று கேட்ட பிரிவில் 38 விழுக்காட்டினர் உண்மையைவிடக் கூட்டி எழுதினார்கள். உழைப்புப் பிரிவில் அப்படிச் செய்தவர்கள் 13 விழுக்காடு.

பொய் சொன்ன அந்தப் பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்லை. நல்ல மதிப்பெண் வாங்கியதற்குக் காரணம் கெட்டிக்காரத்தனம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், குறைந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் என்னவென்று பிள்ளையே முடித்துக்கொள்கிறது. அதை நாம் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விட்டுப்போகிற ஒன்று உண்டு. புகழ்ச்சி சொல்லப்பட்டது ஜெயித்த பிறகு. தோற்ற சுற்று முடிந்ததும் யாரும் யாரையும் புகழவில்லை, தேற்றவும் இல்லை. அதாவது, பிள்ளை நன்றாகச் செய்த நாளில் நாம் எதைக் காரணமாகச் சொல்கிறோமோ அதை வைத்துத்தான் தோற்ற நாளில் அது தன்னை அளந்துகொள்கிறது என்பதே இந்த ஆய்வு காட்டியது. தோற்ற நாளில் “முயற்சி பண்ணியே” என்று சொல்லுங்கள் என்ற அறிவுரை இதிலிருந்து பிறக்கவே இல்லை. அது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

தோற்ற நாளைப் பற்றிச் சொல்லும் ஆய்வுகள் வேறு. அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா கிரஹாம் 1984-இல், புதிரில் தோற்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெரியவர் காட்டும் முகம் என்ன செய்கிறது என்று பார்த்தார். பரிதாபம் காட்டப்பட்ட பிள்ளைகள், தங்களுக்குத் திறமை போதவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். கோபம் காட்டப்பட்டவர்கள், தாங்கள் சரியாக முயலவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் கோபப்படக் கிளம்ப வேண்டாம். கவனிக்க வேண்டியது பரிதாபத்தின் விளைவை. “ஐயோ பாவம், விடு” என்று அன்போடு தலையைத் தடவும்போது, உன்னால் இவ்வளவுதான் முடியும் என்று பெரியவர் தீர்மானித்துவிட்டதாகப் பிள்ளைக்குக் கேட்கிறது.

2012-இல் அனீத்தா ரத்தன், கேத்தரின் குட், டுவெக் மூவரும் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதையே வேறு விதமாகச் சோதித்தார்கள். கணக்குப் பாடத்தின் முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது, ஆசிரியர் இப்படிச் சொல்கிறார் என்று கற்பனை செய்யச் சொன்னார்கள். “எல்லோருக்கும் கணக்கு வராது, கவலைப்படாதே” என்ற மாதிரி ஆறுதல் கேட்டவர்கள், ஆசிரியர் தங்களிடம் பெரிதாக எதிர்பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொண்டார்கள். படிக்கும் விருப்பமும் அவர்களுக்குக் குறைந்தது. எப்படிப் படித்தால் சரிவரும் என்று வழி சொல்லப்பட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

வயதும் இதில் சேர்ந்துகொள்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு உழைப்பும் கெட்டிக்காரத்தனமும் ஒன்றுதான். நிறைய உழைக்கிறவன்தான் கெட்டிக்காரன். பத்து, பன்னிரண்டு வயதை நெருங்கும்போது அந்த எண்ணம் மாறுகிறது. இரண்டு பேர் ஒரே மதிப்பெண் எடுத்தால், குறைவாக உழைத்தவனுக்கே திறமை அதிகம் என்று கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போவது அந்த வயதை ஒட்டித்தான். படிவம் 1 மாணவனிடம், தோற்ற தாளுக்கு, “நீ எவ்வளவு முயற்சி பண்ணே தெரியுமா” என்று சொன்னால், இவ்வளவு முயன்றும் இவ்வளவுதானா என்றுதான் அவன் மனதில் ஓடும்.

அப்படியானால் எதைப் பேசுவது? தாளைப் பேச வேண்டும். அதை ஒரு தாளை வைத்தே காட்டுகிறேன்.

என்னிடம் டியூஷன் படிக்கும் ஒரு படிவம் 1 பையன். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிர்பழம் பொறுக்கும் வேலை. விடியும் முன்பே பெரட்டுக்குப் போய்விடுவார். தமிழ்ப்பள்ளியில் கணக்கைத் தமிழில் படித்த பையன், இப்போது மலாயில் படிக்கிறான். முதல் சோதனையில் 50-க்கு 17. தாளைப் பார்த்த பாட்டி, “எங்க பரம்பரையில யாருக்கும் கணக்கு வராது” என்று சொல்லிவிட்டாராம். அம்மா தாளை என்னிடம் நீட்டியபோது முதலில் சொன்னது, “மலாய்ல படிக்கிறதால தடுமாறுறான் போல டீச்சர், ஆனா ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து படிச்சான்.”

இழந்த 33 மதிப்பெண் எங்கெங்கே போயிருக்கிறது என்று தாள் நெடுகப் பென்சிலால் குறித்தேன். கடைசிப் பக்கக் கணக்குகள் காலி: 10 மதிப்பெண். அங்கங்கே சிதறிய சின்னப் பிழைகளுக்கு 7. மீதி 16-ம் ஒரே வகைப் பிழையில் போயிருந்தது. −3 − 7 என்ற இடத்தில் 10 என்று எழுதியிருந்தான். −5 − 2 என்ற இடத்தில் 7. இதே கழித்தல் உள்ளே ஒளிந்திருந்த நீளமான கணக்குகளிலும் அந்த ஒரு படியில்தான் தடம் மாறியிருந்தது. ஆனால் −4 + 9 = 5 சரி. −3 × −7 = 21 சரி.

இந்தப் பிழையைக் கணக்கு ஆசிரியர்கள் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். “இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ்” என்று மனப்பாடம் செய்திருக்கிறான். அந்த விதி பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது. இவன் கண்ணுக்கு இரண்டு மைனஸ் தெரிகிற எல்லா இடத்திலும் அதைப் போட்டிருக்கிறான். மொழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பரம்பரைக்கும் இல்லை.

முயற்சிக்கும் இல்லை என்பதுதான் முக்கியம். இரவு பத்து மணி வரை படித்தான் என்று அம்மா சொன்னது உண்மை. அந்த நேரமெல்லாம் அவன் தவறான விதியையே திரும்பத் திரும்பப் பழகியிருக்கிறான். “நல்லா முயற்சி பண்ணே, இன்னும் கொஞ்சம் உழைச்சா போதும்” என்று சொல்லியிருந்தால், அடுத்த மாதம் அதே தவறை இன்னும் வேகமாகச் செய்திருப்பான். முயற்சியைப் புகழ்வது பற்றி டுவெக்கே 2015-இல் எச்சரித்து எழுதினார்: கற்றல் நடக்காத இடத்தில் முயற்சியை மட்டும் பாராட்டுவது தன் கருத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று. உழைப்போடு, எந்த வழியில் உழைக்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும்.

பையனிடம் நான் பேசியது ஏறக்குறைய இப்படி:

“தம்பி, 50-க்கு 17. இது தேறாத மார்க்குதான், மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா தாளை முழுசாப் பார்த்தேன். கூட்டல்ல மைனஸ் வந்த கணக்கு எல்லாம் சரியா இருக்கு. பெருக்கலும் சரி. போன 33-ல 16 மார்க்கு ஒரே மாதிரி தப்புல போயிருக்கு. இந்த ஆறு கணக்கையும் பாரு. எல்லாத்துலயும் பொதுவா என்ன தெரியுது?”

கொஞ்ச நேரம் பார்த்தான். “எல்லாத்துலயும் ரெண்டு மைனஸ் இருக்கு.”

“சரி. கடையில உனக்கு 3 வெள்ளி கடன் இருக்கு. மறுபடியும் 7 வெள்ளிக்குக் கடன்ல வாங்குறே. இப்ப எவ்வளவு?”

“10 வெள்ளி கடன்.”

“தாள்ல என்ன எழுதியிருக்கே?”

“10... மைனஸ் போடல.” பிறகு அவனே கேட்டான்: “அப்ப ரெண்டு மைனஸ் பிளஸ்னு சொன்னாங்களே, அது பொய்யா டீச்சர்?”

எனக்கு வேண்டியிருந்தது இந்தக் கேள்விதான். விதி பொய்யில்லை, அது எந்த இடத்துக்கு உரியது என்று அங்கிருந்து சொல்லித்தர முடிந்தது. கடைசிப் பக்கம் ஏன் காலி என்று கேட்டேன். முதல் பக்கத்தில் ஒரு நீளமான கணக்கை அழித்து அழித்து எழுதியதில் நேரம் போய்விட்டது என்றான். அது வேறு வேலை. அன்றைக்கு அதைத் தொடவில்லை. ஒரே நாளில் மூன்று குறையைச் சொன்னால் எதுவும் நிற்காது.

இந்தப் பேச்சில் மதிப்பெண்ணைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் பேசக்கூடத் தகாத அளவுக்கு மோசம் என்று எடுத்துக்கொண்டிருப்பான். சரியாக இருந்ததைப் பெயர் சொல்லிச் சொன்னேன். “சில நல்ல விஷயமும் இருக்கு” என்று பொதுவாகச் சொல்வது ஆறுதலாகத்தான் கேட்கும். மைனஸ் கூட்டல் சரி என்று சொல்வது தகவல், தாளைத் திறந்து அவனே பார்த்துக்கொள்ளலாம். பிழையை அவன் மேல் வைக்காமல் கணக்கின் மேல் வைத்தேன். கண்டுபிடிக்கும் வேலையை அவனிடமே விட்டேன். கெட்டிக்காரன் என்றோ பாவம் என்றோ ஒரு சொல் வரவில்லை. “முயற்சி” என்ற சொல்லும் வரவில்லை. அவன் உட்கார்ந்து படித்ததை மதிக்காமல் இல்லை. அந்த உழைப்பு எங்கே வீணானது என்று காட்டுவதுதான் அதற்கு நான் செய்யும் மரியாதை என்று நம்புகிறேன்.

அம்மா கேட்டார்: “உங்களுக்குக் கணக்கு தெரியும், கண்டுபிடிச்சிட்டீங்க. நான் ஆறாம் வகுப்போட நின்னவ. நான் என்ன சொல்றது டீச்சர்?”

கணக்கு தெரியாத பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. “எந்த இடத்துல மார்க்கு அதிகமாப் போச்சுன்னு எனக்குக் காட்டு.” “இதுல எது உனக்குப் புரிஞ்சு தப்பாச்சு, எது புரியவே இல்ல?” “நாளைக்கு யார்கிட்ட எதைக் கேக்கப்போறே?” பதில் சரியா என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. மகன் தாளைத் திரும்பிப் பார்க்கிறான் என்பதே போதும். கைலா ஹைமோவிட்ஸ் என்பவரோடு சேர்ந்து டுவெக் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. தோல்வி பிள்ளையைக் கெடுக்கும் என்று நினைக்கும் பெற்றோர், பிள்ளையின் திறமையைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியுமே கவலைப்பட்டுப் பேசுகிறார்கள். தோல்வியிலிருந்து கற்கலாம் என்று நினைப்பவர்கள், அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று பேசுகிறார்கள். பெற்றோர் மனதில் என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் இந்தப் பேச்சிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

அக்காவோடு ஒப்பிடுவதை மட்டும் நிறுத்தச் சொன்னேன். அக்கா தமிழ்ப்பள்ளியில் யு.பி.எஸ்.ஆர். எழுதி நல்ல தேர்ச்சி பெற்றவள். அந்தத் தேர்வு 2021-இல் ரத்து செய்யப்பட்டுவிட்டது. படிவம் 3-இல் இருந்த பி.டி.3-ம் 2022-இல் போய்விட்டது. இப்போது வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டு வரும் பெரிய தேர்வு என்று பையன் முன்னால் இருப்பது 17 வயதில் வரும் எஸ்.பி.எம். பல பெற்றோர் இன்னும் பழைய பழக்கத்தில் ஒவ்வொரு மாதச் சோதனையையும் தீர்ப்பு மாதிரி பார்க்கிறார்கள். படிவம் 1-இன் முதல் சோதனைக்கு, எங்கே ஓட்டை என்று காட்டுவதைத் தவிர வேறு பயன் எதுவும் இல்லை. காட்டியதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துத் திட்டினால் அந்தப் பயனும் போய்விடுகிறது.

அந்த வாரமே பத்துக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் கலந்து. வகை பிரித்துக் கொடுத்தால் எந்த விதி எங்கே என்று அவன் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்காது, அதனால் கலந்துதான் கொடுக்க வேண்டும். எட்டு சரி. வீட்டில் காட்டியதும் பாட்டி, “பார்த்தியா, என் பேரன் கெட்டிக்காரன்!” என்றாராம்.

இந்த இடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பேன். தோற்ற பிறகு வரும் முதல் வெற்றியில் அந்தச் சொல் தானாக வாயில் வந்துவிடும், அன்பினாலேயே வரும். முல்லர், டுவெக் ஆய்வில் புகழ்ச்சி நுழைந்ததும் இப்படி ஒரு வெற்றிக்குப் பின்தான். அடுத்த கடினமான தாளில் அது வேலையைக் காட்டியது. நான் சொன்னது: “கழித்தல்ல கடன்னு யோசிச்சே, பெருக்கல்ல விதியைப் போட்டே. ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தே, அதான் எட்டு வந்துச்சு.” இப்படிச் சொன்னால் அவன் செய்த ஒரு காரியம் அவன் கையில் இருக்கும், அடுத்த தாளிலும் அதை எடுத்துச் செய்யலாம். பாட்டியைத் திருத்தப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். “எப்படிய்யா சரியாப் போட்டே, பாட்டிக்குச் சொல்லு” என்று ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

தவறிய இரண்டும் −3 − (−7) போன்றவை. −10 என்று எழுதியிருந்தான். முதல் சோதனைத் தாளில் இந்த வகைக்கு அவனுடைய பழைய விதியே தற்செயலாகச் சரியான விடை தந்திருந்தது. இப்போது கழித்தல் என்றாலே கடன் கூடும் என்று மறுபக்கம் சாய்ந்துவிட்டான். ஒரு தவறான விதியைத் திருத்தும்போது இப்படி ஆவது இயல்பு. எட்டு வந்த மகிழ்ச்சியில் அந்த இரண்டைப் பார்க்காமல் விட்டால், முன்பு சரியாக இருந்ததையும் இழந்திருப்பான். கடைக்காரர் 7 வெள்ளிக் கடனைத் தள்ளுபடி செய்தால் என்ன ஆகும் என்று அங்கிருந்து அடுத்த பாடம் தொடங்கியது.

வார்த்தையை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும் என்பதிலும் நாம் மிகையாக நம்பக் கூடாது. திறமை வளரக்கூடியது என்று மாணவர்களுக்கு உணர்த்தும் ஒரு குறுகிய இணையப் பாடத்தை அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்து 2019-இல் முடிவு வெளியிட்டார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரி, நான்கு சொச்சத்துக்கு அளக்கும் அவர்கள் அளவையில், 0.1 புள்ளி கூடியது. சின்னதுதான். 2018-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு தொகுப்பும் சராசரியில் விளைவு மிகச் சிறியது என்றே சொன்னது. இந்தப் பையனுக்கு வந்த எட்டும் என் பேச்சால் வந்தது என்று சொல்ல மாட்டேன். பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்ததால் வந்தது. பேச்சு, அவன் தாளை ஒளிக்காமல் கொண்டுவந்து என் முன்னால் வைக்கும்படி செய்தது. பொய் மதிப்பெண் எழுதிய அந்தப் பிள்ளைகளை நினைத்தால், இதுவும் சின்ன விஷயம் இல்லை.

உண்மையிலேயே படிக்காத பிள்ளையிடம் இந்தப் பேச்சு அப்படியே செல்லாது. அவனிடம் முயற்சியைப் புகழ்ந்தால் பொய். அதைப் பொய்யென்று முதலில் கண்டுபிடிப்பவன் அவன்தான். “இந்தப் பாடத்தை நீ திறக்கவே இல்லை, அதனால இந்த மார்க்கை வச்சு உனக்கு என்ன வரும், வராதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியல. வெள்ளிக்கிழமைக்குள்ள முதல் ரெண்டு பக்கத்தைப் போட்டுக் காட்டு, அப்புறம் பேசுவோம்” என்று நேராகச் சொல்லலாம். குறைந்த மதிப்பெண்ணைத் திறமையோடு முடிச்சுப் போடாமல், நாளும் வேலையும் குறித்துக் கொடுப்பதுதான் இதில் உள்ள கடுமை.

அதே பிழை மூன்றாம் முறையும் வந்தால், பிள்ளையிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, சொல்லிக்கொடுத்த முறையைப் பார்க்க வேண்டும். கடன் கணக்கில் புரியாதவனுக்கு எண்கோட்டை வரைந்து காட்ட வேண்டியிருக்கும். அதிலும் வராவிட்டால் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியரைப் பார்த்து, அவர் வகுப்பில் அந்த விதியை எந்த வாக்கியத்தில் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டு வருவது நல்லது. வீட்டில் ஒன்று, டியூஷனில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்று மூன்று விதமாகக் கேட்கும் பிள்ளை, எது சுலபமாக நினைவில் நிற்கிறதோ அதைத்தான் தாளில் எழுதும்.